தோள்மேல் உள்ள எண்

சாந்தமேரிக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாராவது பரிசோதனை முடிவை நீட்டினால், அதில் உள்ள எண்ணை உடனே பார்க்க மாட்டாள். உள்ளங்கையால் அதை மறைத்துக்கொண்டு, என்ன வரவேண்டும் என்று முதலில் தானே ஒரு மனக்கணக்குப் போடுவாள். துல்லியமாக அல்ல. பத்தின் எந்த அடுக்கில் வந்து நிற்கும் என்று மட்டும். லட்சத்திலா, பத்து லட்சத்திலா, கோடியிலா. அதற்குப் பிறகுதான் கையை எடுப்பாள்.

கணவர் கிரிகரி இதை வைத்தே அவளைக் கிண்டல் செய்வார். "ஆண்டவர் வந்து வானத்துல நட்சத்திரத்தைக் காட்டினாலும், நீ கையால மறைச்சுட்டு, பத்துக்கு மேல எத்தனை சைபர்னு யோசிப்ப லா, மேரி!" ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்த மனிதர். 3.4 × 10⁶ என்று அவள் எழுதுவதைப் பார்த்துவிட்டு, பத்தின் தலைக்குப் பக்கத்தில் சின்னதாக உட்கார்ந்திருக்கும் அந்த ஆறை, "தோள்மேல ஏறி உக்காந்த பொடியன்" என்பார். "ஆளு சின்னதா இருக்கான். ஆனா அவன்தான் முதலாளி போல."

அவர் சொன்னது உண்மைதான். முன்னால் இருக்கும் 3.4, 3.6 ஆனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தோள்மேல் இருப்பவன் ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கினால், பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போய்விடும்.

கிரிகரி போய் ஓராண்டு ஆகியிருந்தது. ஈரலில் புற்று. ஆண்டு நினைவுத் திருப்பலிக்காக அவள் ஒரு வாரம் விடுப்பில் இருந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் பூசை, பிறகு வீட்டில் உறவுக்காரர்களுக்குச் சாப்பாடு. எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, அவள் இல்லாத நாட்களில் நடந்த வேலையெல்லாம் கோப்பில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது. அதில் ஒன்றும் அப்போது அவள் கண்ணில் படவில்லை. பட்டது இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்.

அவள் வேலை பார்த்தது கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஸ்டெம் செல் ஆய்வகம். கீழ்த்தளத்தில், வெயில் எட்டாத ஒரு நீண்ட அறை. எலும்பு மஜ்ஜையில் புற்று வந்தவர்களின் இரத்தத்திலிருந்து, புது இரத்தத்தை உண்டாக்கும் தாய்ச் செல்களை ஓர் இயந்திரம் பிரித்தெடுக்கும். அவற்றை எண்ணி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து வைப்பது ஆய்வகத்தின் பொறுப்பு. பிறகு நோயாளிக்கு மிகக் கடுமையான மருந்து ஒன்றை ஏற்றுவார்கள். அது புற்றை அழிக்கும். கூடவே மஜ்ஜையையும் அழித்துவிடும். அதன்பின் உறையவைத்த செல்களைத் திரும்ப உடம்பில் விடுவார்கள். அவை மஜ்ஜையில் போய்க் குடியேறி இரத்தத்தை மறுபடி உண்டாக்கும். போதுமான செல்கள் இருந்தால். இல்லாவிட்டால் அந்த மனிதர் வெள்ளை அணுக்கள் இல்லாத உடம்போடு, ஒரு சாதாரணக் காய்ச்சலுக்கே போய்விடக்கூடும்.

போதுமானது என்பதற்கு ஒரு கோடு உண்டு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 × 10⁶ செல்கள். இருபது லட்சம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை உதவியாளன் கெல்வின் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தான். முப்பதை எட்டாத இளைஞன்; கைராசிக்காரன் என்று பெயர் எடுத்தவன்.

"அக்கா, ஒரு சைன் மட்டும். வார்டு அஞ்சுல இன்னைக்கு மருந்து ஏத்துறாங்க. செல்லு ரெடின்னு கன்ஃபர்ம் பண்ணணுமாம். ரெண்டாவது கையெழுத்து நீங்கதான்."

"எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு. டைம் இருக்கு. நான் கீழே கோப்பி வாங்கப் போறேன், உங்களுக்கு?"

"சீனி கொறைச்சு."

அவன் போய்விட்டான். சாந்தமேரி தாளைப் பார்த்தாள். ஜெய்னுதீன், ஆண், எழுபது கிலோ. அவளுக்கு நோயாளிகள் எல்லோரும் இப்படித்தான்: ஒரு பெயர், ஓர் எடை, பையில் ஒட்டிய ஒரு வில்லை. முகம் தெரியாது. முடிவு எழுதியிருந்த இடத்தை வழக்கம்போலக் கையால் மறைத்துக்கொண்டாள்.

செல் எடுத்த அன்று காலையில் அவருடைய இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு நான்கு தாய்ச் செல்கள் இருந்ததாகப் பதிவு. குறைவு. குறைந்தது பத்து இருந்தால்தான் நல்லது. ஆனாலும் முயன்று பார்ப்போம் என்று மருத்துவர் தொடங்கியிருக்கிறார். அப்படிச் செய்வதுண்டு.

ஒரு லிட்டரில் பத்து லட்சம் மைக்ரோலிட்டர். எனவே லிட்டருக்கு 4 × 10⁶. இயந்திரத்தின் வழியாக அன்று ஓடிய இரத்தம் பன்னிரண்டு லிட்டர். நான்கைப் பன்னிரண்டால் பெருக்கினால் நாற்பத்தெட்டு, அதாவது 4.8 × 10⁷. ஏறக்குறைய ஐந்து கோடி. இயந்திரம் ஒன்றைக்கூட விடாமல் பிடித்தாலும் அவ்வளவுதான் கிடைக்கும். எழுபது கிலோவால் வகுத்தால், ஒரு கிலோவுக்கு 7 × 10⁵. ஏழு லட்சம். இயந்திரம் வழக்கமாகப் பிடிப்பது பாதி. ஆகவே மூன்று, மூன்றரை லட்சம்.

அடுக்கு ஐந்து. பாவம், போதாதே, என்று நினைத்தபடியே கையை எடுத்தாள்.

3.4 × 10⁶ என்று இருந்தது.

அவள் மறுபடியும் கையை வைத்து மறைத்தாள். பயத்தில் கண்ணை மூடிக்கொள்வது போல. திரும்பவும் கணக்குப் போட்டாள். மைக்ரோலிட்டர், லிட்டர், பன்னிரண்டு, எழுபது. எங்கும் அவள் தவறவில்லை. ஒன்றுவிடாமல் பிடித்தாலும் வரக்கூடிய ஏழு லட்சத்தைவிட ஐந்து மடங்கு அதிகமாக அந்தப் பையில் செல்கள் இருப்பதாகத் தாள் சொன்னது. பன்னிரண்டு லிட்டர் இரத்தத்தில் இல்லாத செல்லை எந்த இயந்திரமும் பிடிக்க முடியாது.

சுவர்க் கடிகாரம் ஒன்பதே முக்கால் காட்டியது.

கெல்வின் இரண்டு கோப்பியோடு திரும்பி வந்தபோது, அவள் எண்ணும் இயந்திரத்தின் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"கெல்வின், இங்க உக்காரு. இந்த ஆளோட பையிலேர்ந்து சாம்பிள் எடுத்தப்ப நீ எத்தன மடங்கு நீர்க்க வச்சே?"

"பத்து மடங்கு. எப்பவும் போலத்தான். பையில செல்லு அடர்த்தி, அப்படியே போட்டா மெஷின் எண்ணாது."

"அப்புறம்?"

"அப்புறம் வந்த நம்பரைப் பத்தால பெருக்கணும். பெருக்கினேன்."

"எங்க பெருக்கினே?"

"தாள்ல. நம்ம ஃபார்முலாவுலயே இருக்கே, அக்கா." அவன் சிரிக்கப் பார்த்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"நான் லீவுல இருந்தப்ப மெஷினுக்குப் புது சாஃப்ட்வேர் போட்டாங்க இல்ல? அதுல நீர்ப்பு எத்தனை மடங்குன்னு ஒரு கட்டம் கேக்குது பாரு. இங்க." அவள் திரையைத் தொட்டாள். அந்தக் கட்டத்தில் பத்து என்று இருந்தது. "இதை யாரு போட்டா?"

கெல்வின் திரைக்கு அருகே குனிந்தான்.

"மெஷினே ஒரு தடவை பெருக்கிருச்சு. அது பெருக்கினதை நம்ம தாளு இன்னொரு தடவை பெருக்குச்சு."

அவன் கையிலிருந்த கோப்பிப் பையை மேசைமேல் வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான். "ஐயோ. ஐயோ அக்கா. அன்னைக்கு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. ரெண்டாவது நாள் எடுக்கவே வேண்டாம், ஒரே நாள்ல முடிஞ்சிருச்சுன்னு..."

"அது அப்புறம். மத்தவங்களோட பை இருக்கா, அந்த சாஃப்ட்வேர் வந்த பிறகு?"

"இல்ல. இவரு ஒருத்தர்தான்."

"சரி. ஃபோன்ல வார்டுக்கு அடி."

வார்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சாந்தமேரி தாளை எடுத்துக்கொண்டு மின்தூக்கிக்கு நடந்தாள். அது நான்காம் மாடியில் யாருக்கோ காத்து நின்றது. அவள் படியில் ஏறினாள். ஐம்பத்து மூன்று வயது முழங்கால் ஒவ்வொரு மாடியிலும் எதிர்ப்புச் சொன்னது.

ஐந்தாம் வார்டின் நடையில், நாற்காலியில் ஒரு பெண் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பூப்போட்ட தலைத்துணி. சாந்தமேரியின் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அக்கா, நீங்க லேப்பா? எங்க ஊட்டுக்காரரோட செல்லு வந்திருச்சா? பரீதா என் பேரு. உள்ள அவுங்க குளிச்சு, தொழுதுட்டு ரெடியா இருக்காங்க. நைட்டு பூரா தூங்கல." அவள் தன் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "மூணு புள்ளி நாலுன்னு டாக்டர் சொன்னாங்களாம். ரெண்டுதான் வேணுமாம், நமக்கு அதுக்கு மேலயே கெடச்சிருச்சாம். அல்ஹம்துலில்லாஹ்னு கிள்ளான்ல எங்க துணிக்கடையில எல்லாருக்கும் பிரியாணி போட்டோம்."

சாந்தமேரிக்கு முகம் தெரிந்துவிட்டது. வில்லைக்கு அப்பால் இருந்தவர்கள் இவர்கள்தான்.

கிரிகரியின் கடைசி வாரம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. வந்தவர்கள் எல்லோரும் நல்ல செய்தியே சொன்னார்கள். முகம் நல்லா தெளிஞ்சிருக்கு, சாப்பிட ஆரம்பிச்சுட்டாரே, அடுத்த மாசம் வீட்டுக்கு. எல்லோரும் போன பிறகு அவர் அவள் பக்கம் திரும்பி, "யாராச்சும் ஒருத்தர் உண்மையச் சொன்னா எனக்குக் கொஞ்சம் மரியாதையா இருக்கும், மேரி" என்றார்.

"கொஞ்சம் இருங்கம்மா. நான் டாக்டரைப் பாத்துட்டு வந்து உங்ககிட்டயே சொல்றேன்" என்றாள் பரீதாவிடம். பரீதா அந்தக் குரலைக் கேட்டு மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

தாதியர் அறையில் இராஜம்மா என்ற மூத்த தாதி, மருந்துப் பையின் வில்லையை இன்னொருவரோடு சேர்ந்து படித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே மருத்துவர் வேலாயுதம் நின்றார். இரத்த நோய் மருத்துவர். கோபம் அதிகம், மறதி குறைவு என்று ஆய்வகத்தில் அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

"டாக்டர், மருந்தை நிறுத்துங்க. செல் எண்ணிக்கை தப்பு."

இராஜம்மாவின் கை அப்படியே நின்றது.

"எவ்வளவு தப்பு?" என்றார் வேலாயுதம்.

"பத்து மடங்கு. மூணு புள்ளி நாலு, பத்தின் அடுக்கு ஆறு இல்ல. அடுக்கு அஞ்சு."

அவர் தாளை வாங்கினார். "மேரி, இது ரெண்டு வாரத்துக்கு முந்தி வந்த ரிசல்ட். இப்ப, மருந்து கலக்கினதுக்கு அப்புறமா சொல்றீங்க?"

"கையெழுத்துக்கு இன்னைக்குத்தான் என்கிட்ட வந்துச்சு, டாக்டர்."

"எடுக்க எடுக்க மஜ்ஜை இன்னும் செல்லை வெளிய விடும். காலைல நாலு இருந்தாலும் மத்தியானம் ஏறியிருக்கலாம். நான் பாத்திருக்கேன்."

"நானும் பாத்திருக்கேன். ஒண்ணரை மடங்கு ஏறும். ரெண்டு மடங்கு ஏறுமா, வச்சுக்குவோம். இங்க அஞ்சு மடங்கு ஏறியிருக்கணும். அதுவும் மெஷின் ஒண்ணு விடாம பிடிச்சிருந்தா. பாதிதான் பிடிக்கும்னா பத்து." அவள் தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள். 4 × 10⁶. பன்னிரண்டு. 4.8 × 10⁷. எழுபது. 7 × 10⁵. "இதுதான் கூரை, டாக்டர். இதுக்கு மேல போக வழியே இல்ல. ஏன் போச்சுன்னும் தெரியும். பத்தால ரெண்டு தடவை பெருக்கியிருக்கோம்."

வேலாயுதம் அந்த வரிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். உதடு அசைந்தது. கடைசி வரியில் விரல் நின்றது. அன்று காலையில் அந்த நான்கைப் பார்த்தவர் அவர்தான். மாலையில் ஆறைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவரும் அவர்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

"இராஜம்மா," என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் பையை ஃபார்மசிக்குத் திருப்பி அனுப்புங்க."

அவருக்கு அப்போது கோபம் வரவில்லை. அது பின்னால் வந்தது, கூட்டம் போட்டு, எழுத்தில். கெல்வினுக்கும் அவளுக்கும் விளக்கக் கடிதம் கேட்டு வந்தது. தாளிலிருந்து பெருக்கல் நீக்கப்பட்டது. செல் எடுத்த அன்றே, இரத்தத்தின் எண்ணிக்கையையும் பையின் எண்ணிக்கையையும் இருவர் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் முடிவு வெளியே போகவேண்டும் என்று விதி வந்தது. கெல்வின் ஒரு மாதம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஆனால் அந்தக் காலையில் யாருக்கும் கோபப்பட நேரமில்லை.

பரீதாவையும் அழைத்துக்கொண்டு அறைக்குள் போனார்கள். ஜெய்னுதீன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். தலையில் வெள்ளைத் தொப்பி. வேலாயுதம் சொல்லத் தொடங்கி, எண்களைச் சொல்லும் இடத்தில் சாந்தமேரியைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் மழுப்பவில்லை. "ஐயா, எண்ணினதுல நாங்க தப்புப் பண்ணிட்டோம். உங்களுக்கு வேணும்கிறது கிலோவுக்கு இருபது லட்சம். முப்பத்திநாலு லட்சம் இருக்குன்னு சொன்னோம். இருக்கிறது மூணு லட்சத்து நாப்பதாயிரம்தான். இதை நம்பி மருந்து ஏத்தினா, உங்க உடம்பு திரும்ப எழுந்திருக்காம போயிடலாம்."

"அப்ப பிரியாணி..." என்றாள் பரீதா. எதற்காக அதைச் சொன்னோம் என்று தெரியாமலேயே சொன்னாள்.

ஜெய்னுதீன் தன் கைவிரல்களை விரித்துப் பார்த்தார். முப்பது வருடமாகத் துணி அளந்த விரல்கள்.

"அதாவது," என்றார், "சேலைன்னு பில் போட்டுட்டு, பைக்குள்ள பிளவுஸ் பிட்டு வச்சுக் குடுத்திருக்கீங்க."

"பிளவுஸ் பிட்டைவிடக் கொஞ்சம் கம்மி, ஐயா."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நல்லவேளை தங்கச்சி. கட்டிக்கிட்டு வெளிய போறதுக்கு முன்னாடி சொன்னீங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அறைக்குள் மூச்சு வந்தது. பரீதா மட்டும் சாந்தமேரியைப் பார்க்கவில்லை. பிளாஸ்கை எடுத்து அலமாரியில் வைத்தாள்; கொண்டுவந்த துணிகளை மறுபடி பையில் மடித்து வைக்கத் தொடங்கினாள். அவளிடமிருந்து அன்று பிடுங்கப்பட்டது ஓர் எண் அல்ல என்பது சாந்தமேரிக்குத் தெரிந்தது. கீழே இறங்கி வந்து, ஆறிப்போன கோப்பியைக் குடித்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஜெய்னுதீனை மறுபடி அழைத்தார்கள். இந்தமுறை வேறொரு ஊசியும் சேர்த்துப் போட்டார்கள், மஜ்ஜையிலிருந்து செல்களைக் கிளப்பி வெளியே அனுப்ப. எடை குறைந்து அறுபத்தாறு கிலோ ஆகியிருந்தார். காலை எண்ணிக்கை ஒன்பது. எண்ணியது கெல்வின். எண்ணி முடித்து எண்ணைச் சொல்லாமல் அவள் எதிரில் நின்றான்.

"நீயே சொல்லு," என்றாள் சாந்தமேரி. "பைக்குள்ள எவ்வளவு வரும்?"

"ஒம்பது, பன்னெண்டு லிட்டர்... நூத்தி எட்டு. பதினோரு கோடிக்கிட்ட. பாதி பிடிச்சா அஞ்சரை. 5.4 × 10⁷."

"முதல் தடவை எடுத்தது?"

"அது ரெண்டரை கோடிக்குக் கொஞ்சம் கம்மி. 2.4 × 10⁷. ரெண்டுக்கும் அடுக்கு ஏழுதான், அக்கா, அப்படியே கூட்டிக்கலாம். ஏழு புள்ளி எட்டு." அவன் வாய்க்குள்ளேயே அறுபத்தாறால் வகுத்தான். "கிலோவுக்குப் பன்னெண்டு லட்சம்கூட வராது."

மாலையில் பை வந்தது. சொன்னதற்கு மிக அருகில்தான் இருந்தது. மறுநாளும் எடுத்தார்கள், இன்னொரு 2.2 × 10⁷ கிடைத்தது. அதற்கு மேல் அவர் மஜ்ஜையில் கொடுக்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் 1 × 10⁸. பத்துக் கோடி. கிலோவுக்கு 1.5 × 10⁶.

தோள்மேல் இருப்பவன் இப்போது ஆறுதான். முன்னால் நிற்பவன் இரண்டாக இல்லை.

வேலாயுதம் ஜெய்னுதீன், பரீதா இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். சாந்தமேரியும் வரவேண்டும் என்று ஜெய்னுதீன் கேட்டிருந்தார். கோட்டுக்குக் கீழே இருக்கிறது; செய்யாமல் விடலாம், மாத்திரையிலேயே ஓட்டலாம். செய்தால் இரத்தம் எழ நாளாகும்; காய்ச்சலும் இரத்தக் கசிவும் வந்தால் ஆபத்து. முடிவு உங்களுடையது.

அன்றைக்குப் பிறகு முதல்முறையாகப் பரீதா சாந்தமேரியை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கும் கோட்டுக்குக் கீழதானே அக்கா இருந்துச்சு? அன்னைக்கு நிறுத்துங்கன்னு ஓடி வந்தீங்க. இன்னைக்கு ஏன் ஓடி வரல?"

அது பழிச்சொல்லா கேள்வியா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

"அன்னைக்கு இருந்தது வேற அடுக்கும்மா," என்றாள் சாந்தமேரி. "ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் வேலைக்கு வேணும்னா, ரெண்டு பேர்கூட வரல. வீடு எழும்பாது. இன்னைக்கு ஏழெட்டுப் பேர் வந்திருக்காங்க. அதே வீடு. கட்ட நாளாகும், கஷ்டம் இருக்கும். ஆனா கட்டுவாங்க. ஒண்ணரையும் ரெண்டும் ஒரே தெருவுல இருக்கிற எண்ணுங்க. கண்டிப்பா நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நடக்கக் கூடியதுன்னு சொல்லுவேன்."

"பொய் சொல்லாதவங்க," என்றார் ஜெய்னுதீன் மனைவியிடம். "போனதடவை நம்ம மூஞ்சிக்கு நேரா சொன்னவங்க. ஏத்தட்டும், பரீதா."

"இன்ஷா அல்லாஹ்" என்றாள் பரீதா. தலைத்துணியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மருந்து ஏறியது. செல்கள் உருகி, சிவந்த நீராக அவர் கைக்குள் இறங்கின. சாந்தமேரி தானே அந்தப் பைகளைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து உருக்கி மேலே கொண்டுபோனாள். பிறகு காத்திருப்பு. வெள்ளை அணுக்கள் ஒன்றுமில்லாமல் போயின. காய்ச்சல் வந்தது; போனது; மறுபடி வந்தது. மற்றவர்களுக்கு இரத்தம் எழும் காலம் வந்து, கடந்தும் போனது. காலையில் அவருடைய இரத்த முடிவு திரையில் வரும்போது கெல்வின் அவளைப் பார்ப்பான். அவள் கையால் மறைத்துக்கொள்வாள். லிட்டருக்கு 10⁷ என்ற அடுக்கில் ஏதாவது இருக்குமா என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வாள். கையை எடுத்தால் சைபராக இருக்கும்.

ஒரு காலை அது சைபராக இல்லை. 0.02 × 10⁹. இரண்டு கோடி. கேட்கப் பெரிய எண். ஒரு லிட்டர் இரத்தத்தில் அது ஒன்றுமே இல்லை. மறுநாள் ஐந்து கோடி. பிறகு 10⁸ என்ற படியில் கால் வைத்தது. இரத்தம் எழுந்துவிட்டது என்பதற்கான கோடான 0.5 × 10⁹ ஐத் தொட்ட அன்று அவள் தாளோடு ஐந்து மாடியும் படியிலேயே ஏறினாள். மின்தூக்கி அன்று சும்மாதான் நின்றிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெய்னுதீன் படுத்திருந்தார். இந்தப் பக்கம் பரீதா. சாந்தமேரி ஒன்றும் சொல்லாமல் தாளை அவளிடம் நீட்டினாள். பரீதா அதை வாங்கி, எண் இருந்த இடத்தைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"நீங்க இப்படித்தான் பாப்பீங்கன்னு கெல்வின் தம்பி சொன்னாரு," என்றாள். "எவ்வளவு இருக்கணும்னு மொதல்ல சொல்லுங்க. அப்புறம் கையை எடுக்குறேன்."

"பாதிக்குக் குறையாம இருக்கணும். புள்ளி அஞ்சு."

பரீதா கையை எடுத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஜெய்னுதீன் மறுபடி கடைக்குப் போனார், கிள்ளானில், சின்ன இந்தியாத் தெருவில். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள மட்டும், பிறகு அளக்கவும். நோய் ஒருநாள் திரும்பி வந்தது. அது அப்படிப்பட்ட நோய். போகிறேன் என்று சொல்லாமல் வெளியே காத்து நிற்கும். வேறு மருந்துகள் பார்த்தார்கள். மூன்றாம் வருடம் முடியப் போகும் ஒரு மழைக்காலத்தில், தன் வீட்டில், தன் கட்டிலில் ஜெய்னுதீன் போய்ச் சேர்ந்தார்.

சாந்தமேரி செய்தி கேட்டு, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி, கிள்ளானுக்குப் போனாள். அடக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது. பெண்கள் கூடத்தில் ஓதிக்கொண்டிருந்தார்கள். பரீதா அவளைப் பின்பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். துணையை இழந்த இருவருக்கு நடுவில் சொல்ல வேண்டியது அதிகம் இருக்காது. தெருவில் ஒரு லோரி பின்னால் போகும் சத்தம் கேட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க வராம இருந்து, அந்த மருந்தை ஏத்தியிருந்தா?"

சாந்தமேரி யோசித்தாள். பழக்கம் விடவில்லை. எண்ணை மறைத்துவிட்டு, அடுக்கை மட்டும் தேடினாள்.

"பத்து, இருபது நாள், பரீதா. ரொம்பப் போனா ஒரு மாசம். பத்தின் அடுக்கு ஒண்ணு."

"கெடச்சது?"

"ஆயிரம் நாளு இருக்கும். அடுக்கு மூணு."

பரீதா தலையை ஆட்டினாள். பிறகு அவள் முகம் உடைந்தது. இவ்வளவு நேரம் வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்து, பாய் விரித்து, தாங்கிக்கொண்டிருந்த முகம். "ஆயிரம் நாளு," என்றாள். "ஒவ்வொரு நாளும் சண்டை போட்டோம், அக்கா. உப்புக்கும் புளிக்கும் சண்டை."

சாந்தமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சண்டைகளை அவளும் அறிந்திருந்தாள். அவளுக்கும் இருபத்தாறு வருடத்துக்கு அவை கிடைத்திருந்தன. அடுக்கு மூன்றுதான், முன்னால் ஒன்பதோ, ஒன்பதரையோ. அதை அவள் சொல்லவில்லை. கூடத்தில் ஓதல் நின்று, மறுபடி தொடங்கியது. பரீதா அழுது முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.